செஞ்சி மலையும் மராட்டியக் குதிரையும்

சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நன்கு பழகிய சாலை. தெற்கே வேலூர், கிழக்கே காஞ்சிபுரம், வடக்கே கடப்பை என்ற மூன்று திசைகளுக்கும் நடுவில் நாம் குடியிருக்கும் நாடு அமைந்திருக்கிறது. இந்த மூன்று ஊர்களின் பெயர்களும் சற்றேறக்குறைய 330 ஆண்டுகளுக்கு முன் ஒரே போரில் சேர்ந்து அடிபட்டன. அந்தப் போரின் மையம் வேலூருக்கும் அப்பால் உள்ள செஞ்சி. ஒரு பக்கம், வடக்கே காபூலிலிருந்து தெற்கே காவிரிக் கரைவரை ஆணை செலுத்த விரும்பிய ஔரங்கசீப்பின் முகலாயப் பேரரசு. மறுபக்கம், அரசனைப் பறிகொடுத்து, தலைநகரையும் இழந்து, நாடு விட்டு நாடு ஓடி வந்த மராட்டியச் சிற்றரசு. இவர்களில் பெரியவர் சிறியவரை வெல்ல எட்டு ஆண்டுகள் முயன்றார். கோட்டையைப் பிடித்தார், ஆயினும் எதிரியைப் பிடிக்கவில்லை. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை இத்திங்கள் சற்று விரிவாகக் காண்போம்.

தேசிங்குராஜன் கதையை அறிந்தவர்களுக்குச் செஞ்சியின் பெயர் புதிதன்று. ஆனால் தேசிங்கு மாண்டது 1714ஆம் ஆண்டில். அவர் தந்தை சுவரூபசிங் முகலாயரின் கோட்டைத் தலைவராகச் செஞ்சிக்கு வந்ததே நாம் சொல்லப்போகும் முற்றுகையின் பின்விளைவுதான். நம் கதை அதற்கும் முந்தியது.

1677ஆம் ஆண்டில் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது பீஜப்பூர் ஆட்சியிடமிருந்து செஞ்சியைப் பெற்றார். மறு ஆண்டில் வேலூரும் அவர் படையிடம் வீழ்ந்தது. சொந்த நாட்டிலிருந்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் ஒரு கோட்டையைப் பிடித்து, அதைப் பழுது பார்த்துப் புது மதில்களும் எழுப்பச் செய்தது அன்று பலருக்கும் வியப்பாக இருந்திருக்கும். வடக்கே முகலாயர் கை ஓங்கினால் ஒதுங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். அவர் 1680இல் மறைந்தார். அவருடைய மூத்த மைந்தர் சம்பாஜி 1689ஆம் ஆண்டு பிப்ரவரியில் சங்கமேசுவரத்தில் முகலாயரிடம் அகப்பட்டு, மார்ச்சு மாதத்தில் கொல்லப்பட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் தலைநகரான இராயகடக் கோட்டையும் வீழ்ந்தது. இளைய மைந்தர் இராஜாராம் அதற்கு முன்பே அங்கிருந்து தப்பிப் பன்னாலாவுக்குப் போய், செப்டம்பர் இறுதியில் மாறுவேடத்தில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில் கெளதி நாட்டு அரசி சென்னம்மா அவருக்கு அடைக்கலம் தந்தார். பெங்களூரில் அகப்படுமளவுக்கு நெருங்கியபோது உடன் வந்தவர்கள் சிலர் பின்தங்கி நின்று பகைவரை ஏமாற்றினார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேலூரை அடைந்து, அங்கிருந்து செஞ்சிக்குள் நுழைந்தார். அவருக்கு அப்போது வயது இருபதுக்குள்.

செஞ்சியைக் கண்டிராத அன்பர்களுக்காக அதன் அமைப்பைச் சிறிது சொல்வது நலம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள் முக்கோணமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனிக்கோட்டை. மூன்றையும் இணைத்து ஒரு பெருமதில் ஓடுகிறது. மதில்களின் நீளம் எல்லாம் சேர்ந்து எட்டு மைல் அளவுக்கு வரும். இவற்றுள் உயர்ந்தது இராஜகிரி. சுமார் 800 அடி. அதன் உச்சிக்கு ஏற ஒரே வழிதான். அவ்வழியும் முடிவில் ஓர் ஆழமான பாறைப் பிளவின் முன் வந்து நிற்கிறது. பிளவின்மேல் போட்ட சிறு பாலத்தை எடுத்துவிட்டால், அதற்கு மேல் ஏறுவதற்குப் பறவையாகப் பிறந்திருக்க வேண்டும். மலையடிவாரத்தில் நெற்களஞ்சியங்களும், வற்றாத சுனைகளும், குளங்களும் உண்டு. உண்ண நெல்லும் குடிக்க நீரும் உள்ளே இருந்தமையால் பட்டினி போட்டுப் பணிய வைப்பது எளிதன்று.

இன்னொன்று, பலரும் கவனிக்காமல் விடுவது: செஞ்சியின் வலிமை அதன் உயரத்தில் மட்டும் இல்லை, அதன் பரப்பிலும் இருந்தது. ஒற்றைக் குன்றின்மேல் நிற்கும் கோட்டையைச் சுற்றிப் படை நிறுத்துவது இயலும். மூன்று மலைகளையும், அவற்றைச் சூழ்ந்த பாறையும் புதருமான காட்டையும் இடைவெளி இல்லாமல் சுற்றி வளைக்க வேண்டுமானால் அதற்குப் பல்லாயிரம் காவலர் வேண்டும். முகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் 1690ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்து முற்றுகையிட்டபோது, மதிலின் ஒரு பக்கத்தில் பீரங்கி நிறுத்திச் சுட முடிந்ததே தவிர, மறுபக்கத்து வாயில்களை முழுதும் அடைக்க முடியவில்லை. நெல்லும் ஆளும் செய்தியும் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. முற்றுகை என்ற சொல்லுக்கு அங்கே பாதிப் பொருள்தான்.

ஜுல்பிகர்கான் சாதாரணர் அல்லர். இராயகடத்தைப் பிடித்தவர் அவரே. பேரரசின் முதலமைச்சர் அசத்கானின் மகன். அடுத்த ஆண்டில் அந்த அசத்கானும், ஔரங்கசீப்பின் இளைய மகன் காம்பக்ஷும் பெரும்படையுடன் வந்து சேர்ந்தனர். படை பெருகப் பெருகக் கோட்டை விரைவில் விழும் என்று நாம் எண்ணுவோம். உண்மையில் படை பெருகியதே அவர்களுக்குப் பெரிய இடராயிற்று. அதற்குக் காரணம் வயிறு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர்க்குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று கிலோ கொள்ளு வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பதினாயிரம் குதிரைகளுக்கு முப்பதாயிரம் கிலோ ஆகிறது. ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும் என்று கொண்டால், கொள்ளுக்கு மட்டும் நாள்தோறும் முந்நூறு மாடுகள் பாளையத்துக்கு வந்து சேர வேண்டும். புல்லும் வைக்கோலும் இதில் சேரவில்லை. வீரர்கள், அவர்களின் ஏவலர், கடைக்காரர், யானைகள், பீரங்கி இழுக்கும் எருதுகள் ஆகியவற்றின் உணவும் சேரவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்ததெல்லாம் சில மாதங்களில் தீர்ந்துபோகும். அதன் பிறகு தானியம் தொலைவிலிருந்துதான் வரவேண்டும். அதை மாடுகளில் ஏற்றி வந்தவர்கள் பஞ்சாரிகள் என்னும் வணிகர்; நம் பக்கத்தில் லம்பாடிகள் என்போம். பொதிமாட்டுக் கூட்டம் ஒரு நாளைக்குப் பத்து மைல் போனால் அதிகம். அதைக் காக்கப் படை வேண்டும். அந்தப் படைக்கும் உணவு வேண்டும்!

இப்போது மராட்டியக் குதிரைவீரனைப் பாருங்கள். அவன் குதிரை குள்ளமானது, மலைப்பாதையில் பழகியது, கிடைத்ததைத் தின்பது. அவனிடம் கூடாரம் இல்லை; பீரங்கி இல்லை; பின்னால் வரும் கடைத்தெருவும் இல்லை. ஈட்டி, வாள், சேணத்தோடு கட்டிய சிறிது தானியம், இவைதாம் அவன் உடைமை. அரசின் குதிரையில் ஏறுபவனைப் ‘பார்கீர்’ என்றும், சொந்தக் குதிரையுடன் வருபவனைச் ‘சிலேதார்’ என்றும் அழைத்தனர். சிவாஜி காலத்தில் பார்கீர்களே படையின் முதுகெலும்பு. தசராப் பண்டிகை ஆனதும் படை வெளியே புறப்படும். எட்டு மாதம் பகைவர் நாட்டில் உண்டு, பொருள் திரட்டி, மழைக்கு முன் திரும்பும். படையுடன் பெண்கள் வரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. திரட்டிய பொருளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். அந்த இடம் மலைக்கோட்டை. கொண்டுவந்த பொருளை வைக்கவும், இளைத்த குதிரையைத் தேற்றவும், காயம்பட்டவனைக் கிடத்தவும் அது வேண்டும். பகைவரின் பெரும்படை துரத்தி வந்தால் அது கோட்டை வாயிலில் வந்து முட்டி நிற்கும். நின்றால் அதற்குத் தீனி வேண்டும். தீனி வரும் வழியை மற்றொரு குதிரைக் கூட்டம் அடிக்கும். கோட்டை பகைவரை ஓரிடத்தில் கட்டி நிறுத்தும். குதிரை கட்டுண்டவரின் உணவை அறுக்கும். கோட்டை மட்டும் இருந்தால் என்றாவது விழும். குதிரை மட்டும் இருந்தால் என்றாவது களைத்துப் பிடிபடும்.

கோட்டையின் உள்நிருவாகத்திலும் சிவாஜி ஓர் எச்சரிக்கை செய்திருந்தார். ஒவ்வொரு கோட்டையிலும் அவல்தார், சப்னீஸ், கார்க்கானீஸ் என்று அதிகாரிகள் இருந்தனர். வாயிற்சாவியும் காவலும் ஒருவரிடம், வரவு செலவுக் கணக்கு ஒருவரிடம், களஞ்சியம் ஒருவரிடம். மூவரும் ஒரே வகுப்பினராக இராதபடி பார்த்துக்கொண்டார். ஒருவர் மட்டும் பணம் வாங்கிக்கொண்டு கோட்டையைப் பகைவருக்குத் திறந்துவிட முடியாது. பீரங்கியைவிடப் பொற்காசுக்கே மலைக்கோட்டைகள் அதிகம் அஞ்சின என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி 1692ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். இந்த முறை எவ்வாறு வேலை செய்தது என்பதை அந்த ஒரு மாத நிகழ்ச்சி முழுவதும் விளக்கிவிடும்.

சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரு மராட்டியத் தளபதிகள் சுமார் முப்பதாயிரம் குதிரைகளுடன் வடக்கிலிருந்து வந்தனர். அவர்கள் நேராகச் செஞ்சிக்குப் போய் முகலாயரின் அகழிகள்மேல் மோதவில்லை. சந்தாஜி முதலில் காஞ்சிபுரத்துப் பக்கம் திரும்பினார். காஞ்சி என்பது முகலாயப் பாளையத்துக்கு வடக்கிலிருந்து தானியம் வரும் வழியின் கழுத்து. அங்கிருந்த முகலாய அதிகாரி அலிமர்தான்கான், வருபவர்களின் தொகை தெரியாமல் வெளியே வந்து எதிர்த்தார். சுற்றி வளைக்கப்பட்டார். 1,500 குதிரைகளும் ஆறு யானைகளும் மராட்டியர் கைக்கு வந்தன. அவரையும் பிடித்துக்கொண்டு போய், பின்னர்ப் பெரும்பணம் பெற்றுக்கொண்டு விடுவித்தார்கள்.

செய்தி அறிந்த ஜுல்பிகர்கான், கோட்டையைச் சுற்றிச் சிதறி நின்ற தம் காவற்படைகளை எல்லாம் பெரும்பாளையத்துக்குத் திரும்புமாறு பணித்தார். தக்க கட்டளைதான். ஆனால் மேற்குப் பக்கத்தில் இருந்த இஸ்மாயில்கான் தொலைவில் இருந்தமையால் உரிய நேரத்தில் வர இயலவில்லை. தனாஜி அவர்மேல் பாய்ந்தார். கோட்டைக்குள் இருந்தவர்களும் வாயிலைத் திறந்து வெளியே வந்து தாக்கினர். அவரும் சிறைப்பட்டார். முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் அடி. கோட்டையும் குதிரையும் சேர்ந்து செய்யக்கூடியது இது.

பிறகு தொடங்கியது பசி. முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் அகப்பட்டனர். தானியம் வரும் வழி அடைபட்டது. பேரரசரின் கடிதமும் வருவது நின்றது. கடிதம் வராத இடத்தில் வதந்தி வரும். முதியவரான ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்ற பேச்சு பாளையத்தில் பரவியது. இளவரசர் காம்பக்ஷுக்கு அச்சம் பிடித்தது. தந்தை இறந்தால் அரியணைப் போட்டியில் அசத்கானும் ஜுல்பிகர்கானும் தம்மைத் தமையன்மாரிடம் ஒப்படைத்துவிடுவர் என்று எண்ணி, இரகசியமாக இராஜாராமுடன் தொடர்பு கொண்டார். தந்தையும் மகனுமாகிய இரு தளபதிகளும் இதை அறிந்து, பேரரசரின் மகனையே காவலில் வைத்தார்கள். ஒரு வாள்வீச்சும் இல்லாமல் பாளையத்தின் தலை இரண்டாகப் பிளந்தது.

அகழிகளில் நின்ற பெரிய பீரங்கிகளை இழுத்துச் செல்ல வழியின்றி, அவற்றின் மருந்துத் துளைகளில் ஆணி அடித்துப் பயனில்லாமல் செய்துவிட்டு ஜுல்பிகர்கான் பின்வாங்கினார். பாளையத்தில் உணவு அற்றுப்போகவே, ஒரு படைப்பகுதியை அழைத்துக்கொண்டு வந்தவாசிக்குப் போய்த் தானியம் கொண்டுவரப் புறப்பட்டார். செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடையே இருபத்தைந்து மைல் அளவே இருக்கும். திரும்பும்போது, 1693ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில், தேசூர் அருகே மராட்டியர் அவர்களை மறித்தார்கள்.

இந்தத் தேசூர்ச் சண்டையைப் பற்றி நமக்கு நேர்ச்சாட்சி உண்டு. புந்தேலத் தலைவர் தளபத்ராவ் என்பவர் ஜுல்பிகர்கானின் படையில் இருந்தார். அவரிடம் கணக்கும் கடிதமும் பார்த்த பீம்சேன் என்ற காயஸ்தர் பிற்காலத்தில் தம் நினைவுகளைப் பாரசீக மொழியில் எழுதிவைத்தார். அங்கே மராட்டியரால் முகலாயரை அழிக்க முடியவில்லை. யானைகளையும் துப்பாக்கிகளையும் கொண்டு நெருங்கி அணிவகுத்து நின்ற படையின் நடுவில் புகக் குள்ளக் குதிரைகளால் இயலாது. தளபத்ராவின் வீரர்கள் உறுதியாக நின்று வழியைத் திறந்தார்கள். தானியத்தில் ஒரு பகுதி வந்து சேர்ந்தது. இதையும் நாம் சொல்லியாக வேண்டும். மராட்டியக் குதிரை வெல்லமுடியாத மந்திரக் குதிரை அன்று. கட்டுக்கோப்பாக நிற்கும் படையை அது உடைக்காது, மதிலை ஏறாது. பிரிந்து நிற்பவன், பின்தங்கியவன், பசித்தவன் ஆகியோரையே அது தேடியது.

வந்த தானியம் சில நாட்களுக்குத்தான். இறுதியில் அசத்கான் மராட்டியருடன் உடன்பாடு செய்துகொண்டு, ஜனவரி மாதத்திலேயே எல்லாரும் வந்தவாசிக்கு நகர்ந்தனர். அப்போது கடப்பையிலிருந்து காசிம்கான் என்பவர் புதுப்படையும் உணவுப் பொருள்களும் கொண்டு தெற்கே வந்தார். இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் அமைந்திருக்கும் நிலத்தைக் கடந்துதான் அந்த மாட்டுக்கூட்டம் வந்திருக்க வேண்டும். காவேரிப்பாக்கம் அருகே சந்தாஜி அதையும் மறித்தார். காசிம்கான் சண்டையிட்டுக்கொண்டே காஞ்சிபுரத்துக்குப் போய், அங்குள்ள பெருங்கோயிலின் மதில்களுக்குள் ஒதுங்கினார். வந்தவாசியிலிருந்து ஜுல்பிகர்கான் எதிர்கொண்டு வந்து அழைத்துப் போன பிறகே உணவு பாளையத்தை அடைந்தது. உயிர் காக்க ஓர் உயர்ந்த மதில் வேண்டும் என்ற உண்மை இரு தரப்பாருக்கும் ஒன்றே!

அதே காசிம்கானுக்கு 1695ஆம் ஆண்டு நவம்பரில் நேர்ந்தது இன்னும் துயரமானது. சித்திரதுர்க்கத்தை அடுத்த தொட்டேரியில் நிகழ்ந்தது அது. சந்தாஜியைப் பிடிக்க அவரை அனுப்பி, துணையாகப் பேரரசரின் அரண்மனைப் படையிலிருந்தே கானாசாத்கான் முதலிய பிரபுக்களையும் அனுப்பினார்கள். வருகின்ற பிரபுக்களுக்குத் தக்க விருந்து செய்ய வேண்டும் என்று காசிம்கான் தம் புதுக் கூடாரங்களையும் பொன், வெள்ளிப் பாத்திரங்களையும் வெளியே எடுத்து, ஆறு மைல் முன்னதாக அனுப்பிவைத்தார். சந்தாஜி தம் படையை மூன்றாகப் பிரித்தார். முதற்பிரிவு அந்தக் கூடாரங்களைக் கொள்ளையிட்டது. அதை மீட்க முகலாயர் விரைந்து வந்தபோது இரண்டாம் பிரிவு எதிரில் நின்று சண்டையில் இழுத்துப் பிடித்தது. காவலின்றிப் பின்னால் கிடந்த பாளையத்தை மூன்றாம் பிரிவு வாரிக்கொண்டு போயிற்று.

எஞ்சியவர்கள் தொட்டேரிச் சிறுகோட்டைக்குள் புகுந்தார்கள். அது செஞ்சியன்று. அங்கே களஞ்சியமும் இல்லை, போதிய இடமும் இல்லை. கால்நடைகளுக்குத் தீனியாக வீட்டுக் கூரைகளின் வைக்கோலைப் பிடுங்கிப் போட்டார்கள். காசிம்கான் அங்கேயே இறந்தார். பணியும்போது இருபது இலட்சம் ரூபாய் மீட்புப் பணம் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டே மாதத்தில் ஹிம்மத்கான் என்ற மற்றொரு பெரிய தளபதியும் சந்தாஜியுடன் செய்த போரில் குண்டடிபட்டு மாண்டார். சந்தாஜியின் பெயரைக் கேட்டாலே முகலாயப் பிரபுக்கள் நடுங்கியதாக அக்காலத்து முகலாய வரலாற்றாசிரியர் காபிகானே எழுதியிருக்கிறார்.

இத்தனை வெற்றிகளுக்குப் பின்னும் செஞ்சி ஏன் வீழ்ந்தது? பொருள் முடையும் உட்பகையுமே காரணம். நாட்டை இழந்த இராஜாராமிடம் குதிரைகளுக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லை. 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயருக்கு அவர் விற்றதும் இந்த முடையால்தான். கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் விற்பனையில் சேரும் என்பது உடன்பாடு. அதுவே புனித தாவீது கோட்டை ஆயிற்று. பகைவருடன் போரிடக் காசு தேடியவர், அறியாமலே வேறொருவருக்கு இடம் கொடுத்தார் என்று நமக்கு இன்று தோன்றுகிறது. அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

பணம் இல்லாதபோது அவர் தலைவர்களுக்கு நிலங்களை மானியமாக எழுதிக் கொடுத்தார். இனிப் பிடிக்கப்போகும் நிலங்களையும் சேர்த்து! தம் தந்தை அறவே விரும்பாத முறை இது. இதனால் ஓர் ஆதாயம் உண்டாயிற்று. ஒவ்வொரு தலைவனும் தன் மானியத்துக்காகத் தானே படை திரட்டிப் போரிட்டான். மையத்தில் அரசன் இல்லாமலே போர் நடந்தது. எந்த ஒரு தோல்வியும் போரை முடித்துவிடவில்லை. மராட்டிய நாட்டில் இராமச்சந்திர பந்த் போன்றோர் இழந்த கோட்டைகளை ஒவ்வொன்றாக மீட்டதும் இவ்வாறுதான். ஆயின் தலைவர்கள் தமக்குத் தாமே அரசர்கள் ஆயினர். சந்தாஜிக்கும் தனாஜிக்கும் ஆகாமற்போயிற்று. அரசர் தனாஜியின் பக்கம் சாய்ந்தார். 1696இல் இரு மராட்டியப் படைகளும் விருத்தாசலத்துப் பக்கத்தில் ஒன்றையொன்று தாக்கின. சந்தாஜி வென்றார், ஆனால் படைவீரர்கள் நாளடைவில் அவரை விட்டு அகன்றார்கள். மறு ஆண்டு ஜூனில் தனியனாகத் திரிந்த அவரை, சொந்தப் பகை தீர்க்கக் காத்திருந்த நாகோஜி மானே என்ற மராட்டியரே கொன்றார். முகலாயப் பேரரசால் ஆகாத காரியம் ஒரு குடும்பப் பகையால் ஆயிற்று.

வெளியில் குதிரை இல்லாத கோட்டை, நெல் இருக்கும்வரைதான் கோட்டை. 1697 இறுதியில் ஜுல்பிகர்கான் மெய்யாகவே முற்றுகையை இறுக்கினார். மெய்யாகவே என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதுவரை அவர் வேண்டுமென்றே காலம் கடத்தினார் என்று பீம்சேனும், அந்நாளில் சென்னையில் வாழ்ந்த இத்தாலியர் மனூச்சியும் ஐயுறுகின்றனர். முற்றுகை நீடித்தால் பெரும்படையும் பெரும்பதவியும் தம்மிடம் நீடிக்கும். பேரரசர் இறக்கும்போது கையில் படை இருக்கும். ஆகவே எதிரியும் பிழைத்திருக்க வேண்டும், தாமும் போரிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு என்றனர். மனம் படித்தவர் யார்? நடந்த நிகழ்ச்சிகள் அந்த ஐயத்துக்கு இடம் தருகின்றன என்பது மட்டும் உறுதி. 1698ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தாவூத்கான் தென்புறத்துச் சிறிய குன்றுக்கோட்டையை ஏணிவைத்து ஏறிப் பிடிக்க, தளபத்ராவின் வீரர்கள் மற்றொரு பக்கம் புகுந்தனர். செஞ்சி வீழ்ந்தது. இராஜாராம் அதற்கு முன்பே வேலூருக்குப் போய்விட்டிருந்தார். எட்டாண்டுச் செலவுக்கு முகலாயர் பெற்றது கல்லும் மதிலும். அரசரோ அடுத்த சில வாரங்களில் மேற்கே விசாலகடக் கோட்டையில் இருந்தார்.

இந்த எட்டாண்டில் மிகுந்த துன்பப்பட்டவர் முகலாயரும் அல்லர், மராட்டியரும் அல்லர். காஞ்சிக்கும் செஞ்சிக்கும் இடையே ஏர் பிடித்த குடியானவர்களே. ஒருவர் வரி வாங்கிப் போன அடுத்த மாதம் மற்றவர் வந்து கேட்டார். ‘நாட்டில் கிடைத்ததை உண்டு போர் செய்தான்’ என்று குதிரைவீரனைப் பாராட்டுகிறோமே, கிடைத்தது எங்கிருந்து? ஏதோ ஓர் ஊரின் விதைநெல்லிலிருந்துதான். வீரத்தைப் பாடும் கதைகளில் இந்த வரி விட்டுப்போய்விடுகிறது.

பின்னும் ஔரங்கசீப் சளைக்கவில்லை. எண்பது வயதைக் கடந்த பிறகு, 1699 முதல் தாமே ஒவ்வொரு மலைக்கோட்டையாக முற்றுகையிடப் புறப்பட்டார். சாதாராவில் மதிலைத் தகர்க்க வைத்த வெடிச்சுரங்கம் வெளிப்பக்கமாகச் சரிந்து, காத்து நின்ற முகலாயரிலேயே சுமார் இரண்டாயிரம் பேரைக் கொன்றது. விசாலகடத்தை 1702இல் அவர் பெற்றது மராட்டியத் தலைவருக்கு இரண்டு இலட்சம் ரூபாய் கொடுத்தபின்தான். மழையில், சேற்றில், பெருகிய ஆறுகளில் பாளையம் திரும்பும்போது மாடுகளும் ஆட்களும் அழிந்தார்கள். இதற்கிடையில் 1700இல் இராஜாராம் மறைய, அவருடைய தேவி தாராபாய் போரை நடத்தினார். விலை கொடுத்து வாங்கிய கோட்டைகளை, பேரரசர் அடுத்த கோட்டைக்குப் போனதும் மராட்டியர் மீண்டும் பிடித்தனர். முதலில் பணம் வந்தது, பிறகு கோட்டையும் வந்தது! 1707ஆம் ஆண்டு அகமதுநகரில் ஔரங்கசீப் இறந்தபோது அவர் தெற்கே வந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. தில்லியை அவர் மறுபடி காணவே இல்லை.

இந்தப் போர்முறையின் மறு உருவம் ஒன்று நம் பக்கத்திலேயே நிகழ்ந்தது. பாகாலாவை அடுத்த தாமலச்செருவுக் கணவாயைப் பலர் அறிந்திருப்பீர்கள். 1740ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் அங்கே வழியை அடைத்துக்கொண்டு நின்றார். எதிரே வந்தவர் ரகூஜி போன்சலே தலைமையிலான மராட்டியக் குதிரைப்படை. இருபுறமும் மலை, நடுவே ஒடுங்கிய வழி. அங்கே முட்டினால் குதிரைக்கு வெற்றி இல்லை என்பதை ரகூஜி அறிவார். முட்டவும் இல்லை. காவல் இல்லாத வேறு ஒரு மலைவழியாகப் படையை இறக்கி, நவாப் திரும்பிப் பார்க்குமுன் முதுகுப்புறத்தில் வந்து சேர்ந்தார். நவாபும் அவருடைய மகன் ஒருவரும் களத்திலேயே மாண்டனர். மற்றொரு மகன் சப்தர் அலி வேலூர்க் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்து பணம் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டார். அறுபது ஆண்டுகளுக்கு முன் சிவாஜியின் படை பிடித்த அதே வேலூர், இம்முறை மராட்டியருக்கு எதிராகக் கதவடைத்து நின்றது.

2025ஆம் ஆண்டு ஜூலையில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மராட்டிய மாநிலத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. வேலூர், திருவண்ணாமலை வழியாக அங்கே போகும் குடும்பங்கள் கலியாண மகாலோடு திரும்பிவிடாமல், களஞ்சியத்தின் உள்ளே சென்று அதன் சுவர்த் தடிப்பைப் பாருங்கள். கால் வலிமை உள்ளவர்கள் இராஜகிரியின் பாலம்வரை ஏறுங்கள். அங்கிருந்து வடகிழக்கே தெரியும் வெளியில்தான் வந்தவாசிச் சாலையும் தேசூரும் இருக்கின்றன.